இருட்டு நடையில் ஒரு பல்பை நான்காக்குவது: கண்ணாடி, தாம்பாளம், செலவுக் கணக்கு

பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலிலிருந்து உள்ளே போகும் நடை நீளமாக, ஒடுங்கி, பாதி வழியில் ‘ட’ போலத் திரும்பும். ஜன்னல் கிடையாது. வாசல் கதவுக்கு மேலே ஒரே ஒரு பல்பு இருக்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் பகலிலும் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். திருவல்லிக்கேணியில் நாங்கள் இருக்கும் போர்ஷனும் இப்படித்தான். வாசலிலிருந்து திருப்பம் வரை 12 அடி, அங்கிருந்து குளியலறைக் கதவு வரை 8 அடி, அகலம் மூன்றரை அடி. இடுப்பு உயரம் வரை கரும்பச்சை எண்ணெய்ப் பெயின்ட், அதற்கு மேல் பழுப்பேறிய சுண்ணாம்பு, தரை சிவப்பு சிமென்ட். இவை மூன்றுமே வெளிச்சத்தை விழுங்குகிற சாமான்கள்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: “எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டுங்க, பளிச்சுனு ஆயிடும்.” ஆகாது. ஏன் ஆகாது, எங்கே மாட்டினால் ஆகும், என்ன செலவாகும், வீட்டுக்காரரிடம் எதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் ஒரு கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போய்ச் சண்டை போடும் வேலை மிச்சம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு லைட் பாயின்ட் போட்டுத் தருகிறார் என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். நடை முழுக்க வெள்ளை அடித்துத் தருகிறார் என்றாலும் அப்படியே. புது வெள்ளைச் சுவர், விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், கண்ணாடிக்கு அவ்வளவு வேலை இருக்காது. இரண்டுமே நடக்காது என்கிறவர்களுக்குத்தான் மீதி.

1. கடைக்குப் போகும் முன், கண்ணாடி என்ன செய்யும் என்று பார்த்துவிடுங்கள்

கண்ணாடி வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. பல்புக்கு முன்னால் கண்ணாடி இருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் இன்னொரு பல்பு எரிகிற மாதிரிதான் கணக்கு. அந்த இரண்டாவது பல்பின் வெளிச்சம் உங்களுக்கு வர வேண்டுமானால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது கண்ணாடிக்குள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் கண்ணாடி உங்களுக்கு அலங்காரம் மட்டுமே.

இந்த ஒரு விதியை வைத்தே பாதி யோசனைகளைத் தள்ளிவிடலாம். எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பல்பு, 12 அடி தள்ளி முட்டுச் சுவரில் கண்ணாடி. கண்ணாடிக்குள் தெரியும் பல்பு, அந்தச் சுவருக்குப் பின்னால் இன்னும் 12 அடி தள்ளி இருக்கிறது. அதன் வெளிச்சம் திரும்பி வாசல் பக்கமே வருகிறது, அதுவும் மங்கி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், இல்லையா? இருட்டாக இருக்கும் திருப்பத்துக்குள் ஒரு துளியும் போகாது. ஆக, கண்ணாடி பல்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு லாபம். தூரத்தில் மாட்டினால் அது தூரத்துப் பல்புதான்.

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். ராத்திரியில் வீட்டில் ஒருவரைக் குளியலறைக் கதவருகே உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் ஷேவிங் கண்ணாடியோ பளபளவென்று இருக்கும் எவர்சில்வர் தட்டோ எடுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். அவருக்கு பல்பு தெரியும் இடத்தில் எல்லாம் “தெரியுது” என்று சொல்லட்டும், நீங்கள் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் குறிகளுக்குள் மட்டும் கண்ணாடி வந்தால் போதும்.

போனில் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்று இறக்கிக்கொள்வதும் நல்லது. சென்சார் பெரும்பாலும் முன்பக்கம், காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தை வெளிச்சம் வரும் திசைக்குக் காட்ட வேண்டும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, போனுக்குப் போன் மாறும். ஆனால் அதே போனில், அதே இடத்தில், முன்பு எவ்வளவு பின்பு எவ்வளவு என்று ஒப்பிட அது போதும். எங்கள் குளியலறைக் கதவருகே நெஞ்சு உயரத்தில் 2 காட்டியது. செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும், எந்தச் செருப்பு என்று தெரியாது, அந்த அளவு.

2. பல்பைத் திருப்பத்துக்குக் கொண்டுவாருங்கள்

முக்கியமான படி இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். பல்பு வாசலிலேயே இருக்க, கண்ணாடியை மட்டும் வைத்து எவ்வளவு மல்லுக்கட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. நடை திரும்பும் இடத்தில் வெளிமூலை ஒன்று இருக்கும், அதாவது இரண்டு பக்க நடைக்கும் நேரே தெரிகிற மூலை. பல்பு அந்த மூலையில் இருந்தால் இரண்டு பக்கமும் வெளிச்சம் போகும்.

இதற்குப் புது பாயின்ட் வேண்டியதில்லை. இருக்கிற பாயின்டிலிருந்தே சுவரோரமாக பிவிசி கேசிங் ஓட்டி, மூலையில் ஒரு ஹோல்டர் மாட்டலாம். சுவிட்ச் அதே இடத்தில் இருக்கும். அரைமணி ஒருமணி வேலை. வாசலிலும் பல்பு வேண்டும் என்றால் பழைய ஹோல்டரை அப்படியே விட்டுவிடலாம், ஒரே சுவிட்சில் இரண்டும் எரியும். எலக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, பிற்பாடு கண்ணாடி வரப்போகும் இடத்தை கேசிங் சுற்றிக்கொண்டு போக வேண்டும், வயருக்கு மேல் கண்ணாடியின் ஸ்குரூ விழக் கூடாது. இன்னொன்று, பல்பு கீழே பார்த்துத் தொங்க வேண்டும், சுவரிலிருந்து முன்னால் நீட்டக் கூடாது. எல்இடி பல்பின் அடிப்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் உடம்பு, அந்தப் பக்கம் வெளிச்சம் வராது. சுவரிலிருந்து முன்னால் நீட்டினால் அந்த இருட்டுப் பக்கம்தான் கண்ணாடியைப் பார்க்கும், பிறகு கண்ணாடி எதைத் திருப்பும்?

மூலையின் இரண்டு சுவரிலிருந்தும் பல்பு 4 அங்குலம் தள்ளி இருக்கட்டும், தரையிலிருந்து ஆறரை அடி உயரம். இந்த 4 அங்குலத்துக்குக் காரணம் உண்டு, அடுத்ததில் சொல்கிறேன்.

3. மூலையில் இரண்டு கண்ணாடி

இரண்டு கண்ணாடியை மூலையில் செங்கோணமாக, ஒன்றையொன்று தொடுகிற மாதிரி மாட்டி நடுவில் பல்பு வைத்தால் மூன்று பிம்பம் தெரியும். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒன்று, மூலைக்கோட்டில் இரண்டு கண்ணாடியிலும் பட்டு வருகிற மூன்றாவது ஒன்று. உண்மையான பல்போடு சேர்த்து நாலு பல்பு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

நாலு பல்பு தெரிந்தாலும் நாலு மடங்கு வெளிச்சம் வராது. நல்ல கண்ணாடி பட்ட வெளிச்சத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் திருப்பும். முதல் இரண்டு பிம்பமும் 0.85 வீதம், இரண்டு முறை பட்டு வருவது 0.72. உண்மைப் பல்பின் 1ஐயும் சேர்த்தால் சுமார் 3.4. சுவர் கறுப்பாக இருந்தால் இந்த லாபம் முழுசாகக் கிடைக்கும். எங்களுடையதைப் போலப் பழுப்புச் சுவர் என்றால், சுவரே முன்பு கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது இல்லையா, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பல்பை மூலைக்குக் கொண்டுவந்ததுமே 2 இருந்த இடத்தில் 10 காட்டியது, கண்ணாடி மாட்டிய பிறகு 23 காட்டியது. இதில் பல்பு 5 வாட்தான். முன்பு வாசலில் 9 வாட் எரிந்தது.

சரி, 4 அங்குலம் ஏன்? பல்பு சுவரை விட்டுத் தள்ளிப் போகப் போக, நடைக் கடைசியில் நிற்பவருக்கு எல்லாப் பிம்பமும் தெரிய வேண்டுமானால் கண்ணாடி நீண்டுகொண்டே போக வேண்டும். 4 அங்குலத்தில் பல்பு இருந்தால், 10 அடி தள்ளி நடையின் நடுவில் நிற்பவருக்கும் நாலு பல்பும் தெரிய 2 அடி அகலக் கண்ணாடி போதும். அதே பல்பை 8 அங்குலம் தள்ளி வைத்தால் மூன்றேகால், மூன்றரை அடி கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்குக் காசு கொடுப்பதற்குப் பதிலாக பல்பை நெருக்கமாக வைப்பது லாபம். 4 அங்குலத்தைவிடக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பல்பைக் கழற்றி மாட்டக் கை போகாது.

உயரம் ஒன்றரை அடி போதும். பல்பு நடுவில் வருகிற மாதிரி, தரையிலிருந்து ஐந்தேமுக்கால் அடியில் கண்ணாடியின் கீழ்விளிம்பு. இதில் இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலானவர்கள் கண்ணுக்கு நேரே கண்ணாடி வராது, அதனால் பல்பு கண்ணில் குத்தாது, திருப்பத்தில் திடீரென்று எதிரே ஆள் வருகிற மாதிரிப் பதறவும் வேண்டாம். முழு உயரக் கண்ணாடி மாட்டிய நடைகளில், வழி நேரே போகிறது என்று நினைத்து வயதானவர்கள் போய் முட்டிக்கொள்வது உண்டு.

பல்பு பால்வெள்ளை மூடி போட்டதாகவே இருக்கட்டும். தெளிந்த கண்ணாடிக்குள் இழை தெரிகிற வகை பார்க்க அழகு. ஆனால் நாலு இழை ஒரே சமயத்தில் கண்ணில் அடித்தால் கண் கூசிச் சுருங்கி, அதற்கு அடுத்த இடம் முன்பைவிட இருட்டாகத் தெரியும். பழைய குண்டு பல்பை இந்த இடத்தில் மாட்டவே மாட்டாதீர்கள். 4 அங்குலத்தில் அந்தச் சூடு கண்ணாடியை ஒரு பக்கம் மட்டும் சூடாக்கும், விரிசல் விடும்.

4. பல்பை நகர்த்தவே முடியாது என்றால்

சில வீட்டுக்காரர்கள் கேசிங் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது ஒரு வழிதான். வெளிமூலையில் ஒரே கண்ணாடியைக் குறுக்காக, 45 பாகை சாய்வில் வைத்து, வாசலிலிருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்பத்துக்குள் அனுப்புவது. ஒன்றரை அடி அகலக் கண்ணாடி மூலையில் குறுக்கே நின்றால் இரண்டு சுவரிலும் 13 அங்குலம் அடைக்கும், அதனால் தலைக்கு மேலே, 6 அடிக்கு மேல்தான் வைக்க வேண்டும். கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் சாயுங்கள். கண்ணாடியை ஒரு பங்கு சாய்த்தால் வெளிச்சம் இரண்டு பங்கு திரும்பும், ஆகவே விரல் நுனியளவில் சரிசெய்யுங்கள்.

ஆனால் சாதாரண குண்டு வடிவப் பல்பை வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் பயன் ரொம்பக் குறைவு. பல்பு நாலா பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைக்கிறது, 12 அடி தள்ளியிருக்கும் சின்னக் கண்ணாடிக்குக் கிடைப்பது அதில் ஒரு சொட்டு. வாசல் ஹோல்டர் இருக்கும் இடத்தில் 5 வாட் ஃபோகஸ் லைட் ஒன்றை மாட்டி, அதன் முகத்தை மூலைக் கண்ணாடிக்கு நேரே திருப்பினால்தான் இந்த வழி நடக்கும். கடையில் எத்தனை பாகை விரிவு என்று கேளுங்கள். 36, 38 பாகை சாதாரணமாகக் கிடைக்கும், 24 கிடைத்தால் இன்னும் நல்லது. விலை 250லிருந்து 400 ரூபாய்க்குள். வாசல் பக்கம் அப்போது கொஞ்சம் மங்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வழியில் நடைக் கடைசியில் ஒரு துண்டு மட்டும் வெளிச்சமாக விழும், சுற்றிலும் இருட்டாகவே இருக்கும். அந்தத் துண்டு விழும் இடம் அடர்ந்த நிறக் கதவாக இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அங்கே வெள்ளை சன்மைக்கா அட்டையோ வெள்ளைத் துணித் திரையோ தொங்கவிடுங்கள். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி மொத்த இடமும் தெளியும்.

5. எழுத்தில் வாங்க வேண்டியவை

ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் துளை போடக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 11 மாத ஒப்பந்தங்களில் டைப் அடிப்பவர்கள் வழக்கமாகவே சேர்த்துவிடுவார்கள், கையெழுத்துப் போட்டவருக்கே ஞாபகம் இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, “சரி” என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். போனில் பேசி “சரிப்பா, பண்ணிக்கோ” என்று சொன்னது காலிசெய்யும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது, அட்வான்ஸில் கை வைக்கும்போதுதான் தெரியும். நான் அனுப்பியது இதுதான், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“நடைத் திருப்பத்தில் 2 அடிக்கு ஒன்றரை அடி அளவில் 2 கண்ணாடி மாட்ட, சுவரில் மொத்தம் 8 சின்னத் துளை போட வேண்டும். வாசல் பாயின்டிலிருந்து கேசிங் ஓட்டி ஒரு பல்பு. செலவு என்னுடையது. காலிசெய்யும்போது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு துளைகளைப் பட்டி பார்த்து அடைத்துத் தருகிறேன். சம்மதமா சார்?”

துளைகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடுவது முக்கியம். வேலைக்கு முன்னால் சுவரைப் போட்டோ எடுத்து அதே உரையாடலில் போட்டுவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிராது.

அடுக்குமாடியில் உங்கள் கதவுக்கு வெளியே இருக்கும் பொது நடை என்றால் வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் போதாது, சங்கத்திடம் கேட்க வேண்டும். அது தீ விபத்தில் ஆட்கள் ஓடி வெளியேறும் வழி. புகை மூட்டத்தில் கண்ணாடியைப் பார்த்துத் திசை தடுமாறிவிடக் கூடாது. நானாக இருந்தால் பொது நடையில் கண்ணாடியே வேண்டாம், வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள் என்பேன்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை. எந்தத் திசையில் கண்ணாடி இருக்கலாம், இருக்கக் கூடாது என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. துளை போட்ட பிறகு அந்தப் பேச்சு கிளம்பினால் கஷ்டம்.

6. கண்ணாடிக் கடையில்

4 மில்லி கண்ணாடி கேளுங்கள். மெல்லியது வளைந்து பிம்பம் நெளியும், 5 மில்லி தேவையில்லாத கனம். 4 மில்லியில் சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் 3 சதுர அடித் துண்டு ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குள் அடங்கும்.

வாங்கும் முன் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அதில் கடையின் டியூப் லைட்டைப் பாருங்கள். டியூப் நேராகத் தெரிந்தால் சரி, பாம்பு மாதிரி நெளிந்தால் வேண்டாம். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, தாளையும் அதன் பிம்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிம்பம் சாம்பல் பூத்தோ பச்சையடித்தோ தெரிந்தால் அது குறைவாகத் திருப்பும் கண்ணாடி. பின்பக்கப் பூச்சில், விளிம்பை ஒட்டிக் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரசம் போவது அங்கிருந்துதான் தொடங்கும்.

அளவை நீங்களே எழுதிக் கொடுங்கள், அந்தச் சீட்டையே போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்த கடையில் ஒரு துண்டை 2 அடிக்குப் பதில் 20 அங்குலம் வெட்டிவிட்டு, நீங்கள்தான் அப்படிச் சொன்னீர்கள் என்றார்கள். சீட்டு என் கையில் இருந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது. வெட்டிய கண்ணாடியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. சில கடைகளில் 22 அங்குலம் கேட்டாலும் 24க்குத்தான் பில் போடுவார்கள், அதனால் முழு அடி, அரை அடியாக இருக்கும்படி அளவைத் தீர்மானிப்பது நல்லது.

ஓரத்துக்கு எட்ஜ் பாலிஷ் கட்டாயம். வெறும் வெட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், அதோடு அங்கிருந்துதான் விரிசலும் ஓடும். வெட்டுவது அன்றைக்கே முடிந்துவிடும், பாலிஷுக்கு ஒன்றிரண்டு நாள் கேட்பார்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடி ஸ்டிக்கர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் அது நிற்காது, சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வரும். நிற்கிற சுவரிலும் மேடு பள்ளம் அப்படியே பிம்பத்தில் தெரியும். அக்ரிலிக் கண்ணாடி அப்படியில்லை, உடையாது, கனம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் பந்தெறிந்து விளையாடும் நடை என்றால் அதுவே நல்லது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

7. மாட்டுவது

கண்ணாடியில் துளை போட வேண்டாம். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று மிரர் கிளிப் வைத்தால் மூன்று கிலோவுக்குத் தாராளமாகப் போதும். முதலில் கீழ் கிளிப்புகளை மட்டம் பார்த்து மாட்டி, அதில் கண்ணாடியை உட்கார வைத்து, அப்புறம் மேல் கிளிப்புகள்.

பழைய வீட்டுச் சுவரில் சங்கடம் என்னவென்றால், செங்கல்லுக்கு நடுவில் இருப்பது சுண்ணாம்புக் காரை. டிரில் அதில் போனால் மாவு மாவாகக் கொட்டும், பிளக் சுழலும், ஸ்குரூ பிடிக்காது. கொட்டுகிற தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், பிடிக்கும். வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். 2 அங்குல ஸ்குரூ போடுங்கள், பூச்சே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கும்.

பூச்சு சமமாக இருக்காது என்பதையும் மறக்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் வாஷர் வைத்து, கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். மேடான இடத்தில் கண்ணாடி நேரே உட்கார்ந்து, நீங்கள் ஸ்குரூவை முறுக்கினால் படக்கென்று விரிசல் விடும். ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அந்த இடைவெளியால் இன்னொரு பயனும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஓதம் கண்டால் ஈரம் கண்ணாடியின் முதுகில் ஏறாது. உப்புப் பூத்த சுவர் என்றால் மழைக்காலம் முடியும்வரை பொறுத்திருந்து மாட்டுவது நல்லது.

சிலிகான் போட்டு ஒட்டிவிடலாம் என்று எலக்ட்ரீஷியனோ கார்பென்டரோ சொன்னால், எந்தச் சிலிகான் என்று கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சாதாரண வகை, கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும், சில மாதத்தில் ஒட்டிய இடமெல்லாம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். கண்ணாடிக்கென்றே நியூட்ரல் வகை கிடைக்கும். எப்படியானாலும் வாடகை வீட்டில் ஒட்டுவது வேண்டாம், கழற்றும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

மூலை சரியான செங்கோணமா என்று தச்சரின் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். பழைய வீட்டில் இருக்காது. கவலைப்படாதீர்கள், நடுப் பிம்பம் மட்டும் பிளந்து தெரியும், வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

8. தாம்பாளம்: கரண்ட் போன ராத்திரிக்கு

மூலையில் கண்ணாடி இருக்கிறதே என்று கரண்ட் போனதும் அதே இடத்தில் மெழுகுவத்தியையோ அகலையோ கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். சுடர் கண்ணாடியைச் சுடும், புகைக்கரி படியும். சுடருக்கு எவர்சில்வர் தாம்பாளம்தான். உடையாது, சூடு தாங்கும், கரியைத் தேய்த்துக் கழுவலாம். மெருகிட்ட எவர்சில்வர் 60 சதவீதத்தை ஒட்டித் திருப்பும், கண்ணாடி அளவுக்கு இல்லை. இருந்தாலும் செங்கோணமாக இரண்டு தட்டு நிறுத்தினால் கணக்குப்படி ஏறக்குறைய இரண்டரைப் பங்கு வெளிச்சம் வர வேண்டும். தட்டு வட்டமானது, நடுவில் இடைவெளி விழும், அதனால் நடைமுறையில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குக்குக் கீழே தட்டு வைத்தால் வெளிச்சம் மேலே போய்ப் பரவும் என்று ஒரு யோசனை எல்லோரிடமும் இருக்கிறது. அடியில் வைக்கும் தட்டு எண்ணெய் சிந்தாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அகலின் குழியே தன் நிழலைத் தட்டில் போட்டுவிடும். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நிழல் படாத இடத்திலிருந்து மேலே போகும் வெளிச்சமும் எங்கள் வீடு மாதிரி 11 அடி உயர மெட்ராஸ் டெரஸ் கூரையில், கறுத்துப்போன தேக்குக் கட்டைகளுக்கு நடுவே காணாமல் போகும். தாழ்ந்த வெள்ளை கான்கிரீட் கூரை, அதோடு குழியில்லாத மெழுகுவத்தி என்றால் மட்டும் அடித்தட்டு கொஞ்சம் உதவும்.

தட்டு நிற்க வேண்டிய இடம் சுடருக்குப் பின்னால். எவ்வளவு பின்னால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு அடி விட்டமுள்ள தாம்பாளம் சுடரிலிருந்து 4 அங்குலத்தில் நின்றால், சுடரின் மொத்த வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே அதில் விழும். அதே தட்டை ஒரு அடி தள்ளி வைத்தால் இருபதில் ஒரு பங்குதான். எண்ணெய் விளக்கு என்றால் திரி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தை நடையைப் பார்த்து வையுங்கள்.

நாலரை அடி உயரத்தில் சின்னப் பலகை ஒன்று இருந்தால் அங்கே வைக்கலாம், குழந்தைக் கைக்கு எட்டாது. மேலே தொங்கும் பல்புக்கும் வயருக்கும் நேர் கீழே வராமல் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். தட்டை நிறுத்த அதன் அடியில் இரண்டு ஆணி போதும், ஆனால் சரியாமல் நிற்கிறதா என்று விளக்கேற்றும் முன் தட்டிப் பார்த்துவிடுங்கள். குழிந்த தாம்பாளத்தைப் பகலில் வெயில் விழும் இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெயிலைக் குவித்து, எதிரே இருக்கும் துணியைப் பொசுக்கக்கூடியது அது.

உள்ளே பேட்டரி வைத்த எமர்ஜென்சி எல்இடி பல்பு 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை மூலை ஹோல்டரிலேயே மாட்டிவிட்டால் கரண்ட் போனாலும் கண்ணாடியோடு சேர்ந்து எரியும். இப்போது எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது. சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால்தான் அது தானாக எரியும். தாம்பாளம் எங்களுக்கு இப்போது கார்த்திகைக்கு மட்டும்.

9. எனக்கு ஆன செலவு

கண்ணாடி 6 சதுர அடி, சதுர அடி 140 வீதம் 840 ரூபாய். பாலிஷ் ஓர அடிக்கு 15 வீதம் 14 அடிக்கு 210. கிளிப் எட்டு 120, பிளக்கும் ஸ்குரூவும் வாஷரும் 60. எலக்ட்ரீஷியன் கூலி 500, கேசிங், வயர், ஹோல்டர் 350. 5 வாட் பல்பு 90. கண்ணாடி கொண்டுவர ஆட்டோ 150. ஆக 2,320 ரூபாய். எமர்ஜென்சி பல்பு இதில் சேராது. ஊருக்கு ஊர் 200, 300 ஏறும் இறங்கும். எலக்ட்ரீஷியனையே கிளிப் துளையும் போடச் சொல்லிவிட்டால் டிரில்லுக்கு என்று தனியாக இன்னொருவரைக் கூப்பிட வேண்டாம், அதனால் கண்ணாடி கைக்கு வந்த பிறகு அவரை வரச் சொல்லுங்கள். இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொண்டால் இரண்டு கூலி.

கடைசியாகத் துடைப்பது. தண்ணீரையோ கிளீனரையோ கண்ணாடி மேல் நேராக அடிக்காதீர்கள், வழிந்து கீழ் விளிம்பில் தேங்கி, கிளிப்புக்குள் இறங்கி அங்கிருந்து ரசம் போகும். துணியில் நனைத்துத் துடையுங்கள், பல்பையும் சேர்த்து, அணைத்து ஆறிய பிறகு. அடுப்படிக்குப் பக்கத்து நடை என்றால் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு படியும். மாதம் ஒரு முறை துடைக்காவிட்டால் லக்ஸ் மீட்டரில் எண் இறங்குவது தெரியும்.